கதவெல்லாம் இடப்பக்கம்

2018 பெப்ரவரி 21. விடிந்தும் விடியாத நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த தனியார் பஸ் ஒன்று, பண்டாரவளை தாண்டி தியத்தலாவையை நெருங்கிக்கொண்டிருந்தது. கஹகொல்லையில் அந்த பஸ்ஸுக்குள் ஏதோ வெடித்தது. பஸ் தீப்பிடித்தது. காலைச் செய்தியில் 19 பேர் காயம் என்றார்கள். அதில் 12 பேர் படையினர். யுத்தம் முடிந்து கிட்டத்தட்ட ஒன்பது வருடமாகியும் ஊவா முழுக்க ஒரு கணம் பழைய பயம் எட்டிப் பார்த்தது. சிப்பாய் ஒருவர் கையோடு கொண்டுவந்த கைக்குண்டு தவறுதலாக வெடித்திருக்கிறது என்று இராணுவம் பின்னர் சொன்னது.

குண்டு எப்படி பஸ்ஸுக்குள் வந்தது என்று நாடே பேசியது. இந்தப் பக்கத்து மக்களுக்கு வேறொரு கேள்வியும் இருந்தது. எரிகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எந்த வழியாக வெளியே வருவது? குண்டு தினமும் வராது. ஆனால் வயர் உருகும், டீசல் கசியும், இறக்கத்தில் பிரேக் சூடாகி டயர் புகையும். பதுளையிலிருந்து பசறைக்கோ லுணுகலைக்கோ வெலிமடைக்கோ போகிற எந்த பஸ்ஸுக்கும் இது பொருந்தும்.

மலையோரம் பாதி, பள்ளத்தோரம் பாதி

நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. அதனால் பயணிகள் கதவும் இடப்பக்கம்தான், முன்னால் ஒன்று, பல பஸ்களில் பின்னால் இன்னொன்று. கொழும்பில் இதைப் பற்றி யோசிக்க எதுவும் இல்லை. மலைப்பாதையில் இருக்கிறது. ஒரே பாதையில் போகும்போது இடப்பக்கம் மண் மேடு இருந்தால், வரும்போது அதே இடப்பக்கம் பள்ளம். சாரதி புகையைக் கண்டு அவசரமாக ஓரங்கட்டினால் ஒன்று கதவுகள் மேட்டோடு ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் படியில் இறங்குகிறவர் காலை வைக்கிற இடத்தில் தேயிலை மட்டுமே இருக்கும், அதுவும் இருபது முப்பது அடி கீழே.

அதனால்தான் வலப்பக்கத்து அவசரக் கதவையும் பின் கண்ணாடியையும் யன்னல்களையும் பற்றித் தெரிந்திருப்பது இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. சென்ற மாதம் பதுளை பஸ் நிலையத்தில் நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி அந்தக் கதவைத் தேடினேன். எந்த பஸ், யாருடையது என்பது இங்கே வேண்டாம். வலப்பக்கம், கடைசிக்கு இரண்டாவது வரிசை. சிவப்பு எழுத்து பாதி அழிந்திருந்தது. கைப்பிடிக்கு மேலே யன்னல் திரைக்கான கம்பி திருகாணியால் பூட்டப்பட்டிருந்தது. கதவுக்கு முன்னால் இரண்டு பேர் உட்காரும் சீட். அந்தச் சீட்டில் இருந்த அக்கா, "அது கதவா தம்பி? நான் இத்தன வருஷமா சாஞ்சுகிட்டு வாறேன்" என்றார்.

திரைக்கம்பி இருக்கும் வரை அது கதவில்லை, சுவர்.

கென்டக்கியில் ஓர் இரவு

பஸ் தீ விபத்துகளில் அங்குலம் அங்குலமாக ஆராயப்பட்ட ஒன்று, நமக்கு வெகு தூரத்தில் நடந்தது. 1988 மே 14 இரவு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கரோல்டன் என்ற ஊருக்கு அருகில். பழைய பாடசாலை பஸ் ஒன்றில் தேவாலயப் பிள்ளைகள் உல்லாசப் பயணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாரதியோடு 67 பேர். குடிபோதையில் ஒருவன் எதிர்த்திசையில் ஓட்டி வந்த பிக்கப் வண்டி பஸ்ஸின் முன் வலது மூலையில் மோதியது.

மோதலின் காயத்தால் பஸ்ஸில் ஒருவரும் சாகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டும். அங்கே கதவு வலப்பக்கம். முன்கதவு நசுங்கித் திறக்க மறுத்தது. அதற்குச் சற்றுப் பின்னால் இருந்த பெற்றோல் தாங்கி கிழிந்து, தீ அந்தக் கதவருகிலேயே எழுந்தது. மிச்சம் இருந்த வழி பின்பக்க அவசரக் கதவு ஒன்றுதான். யன்னல்கள் ஒன்பது அங்குலம் அளவுக்கே திறந்தன. ஒல்லியான சில பிள்ளைகள் மட்டும் அதில் நுழைந்து விழுந்தார்கள்.

எல்லோரும் நடைபாதையில் இறங்கினார்கள். அதன் அகலம் 12 அங்குலம், ஓரடி. முன்னால் இருந்தவர்கள் தீயைப் பார்த்துப் பின்னால் தள்ள, பின்னால் இருந்தவர்கள் கடைசிச் சீட்டுகளுக்கு இடையில் இறுகினார்கள். அந்த இடத்தில் குளிர்பானம் வைத்த ஐஸ் பெட்டி ஒன்று தரையில் இருந்தது. முதலில் ஒருவர் தடுக்கினார், அவர் மேல் இன்னொருவர். கதவு திறந்தே இருந்தது. வெளியே நின்றவர்கள் கையைப் பிடித்து இழுத்தும், பின்னிக் கிடந்த பிள்ளைகளில் பலரைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் பஸ் முழுதும் நெருப்பு. 27 பேர் இறந்தார்கள். காரணம் புகையும் தீயும்.

பிழைத்தவர்களில் சிலர் நடைபாதைக்கு வராமல் சீட்டுகளின் முதுகு மேல் ஏறித் தாண்டியவர்கள். கென்டக்கி மாநிலம் பின்னர் பாடசாலை பஸ்களுக்கு ஒன்பது அவசர வழிகளைக் கட்டாயமாக்கியது.

நான் ஏறிய பஸ்ஸின் நடைபாதையைச் சாணால் அளந்தேன். வலப்பக்கம் மூன்று பேர் சீட், இடப்பக்கம் இரண்டு பேர் சீட். நடுவில் ஒன்றரைச் சாண் இருந்தது. என் சாண் ஒன்பது அங்குலம். காலை ஆறரை மணி பஸ்ஸில் அந்த ஒன்றரைச் சாணில் பாடசாலைப் பிள்ளைகளும், டவுனில் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகளும் இரட்டை வரிசையில் நிற்பார்கள். கொண்டக்டர் "இன்னும் உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு இடம் இருக்கு" என்பார். திரும்பி வரும்போது ஆட்கள் குறைவு, மூட்டை கூட. லீக்ஸும் கோவாவும் அரிசியும் நடைபாதையில் நிற்கும், ஐஸ் பெட்டி நின்ற அதே இடத்தில்.

மூட்டையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேறு வழி என்ன என்று கேட்பார்கள். நியாயம்தான். லயத்துக்கு லொறி வராது. ஆனாலும் மூட்டை இருக்க வேண்டிய இடம் எஞ்சின் மூடிக்குப் பக்கமோ கடைசிச் சீட்டுக்கு அடியிலோதான். கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவில் வைக்கவே கூடாது. காஸ் சிலிண்டரும் பெற்றோல் கேனும் எந்த இடத்திலும் கூடாது. 2023 ஓகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு மூட்டியதே காரணம். ஓடாத பெட்டி, தரையில் நின்ற பெட்டி. அப்படியிருந்தும் ஒன்பது பேர்.

┌─────────────
கண்ணாடி எங்கே உடையும்?

பக்கத்து யன்னல்களில் பெரும்பாலும் இருப்பது பதப்படுத்திய கண்ணாடி. அதன் நடுப்பகுதி அடியை வாங்கிக்கொண்டு வளையும். மூலையில், இரண்டு ஓரங்களிலிருந்தும் ஓர் உள்ளங்கை அகலம் உள்ளே தள்ளி, கூர்முனையுள்ள இரும்பால் அடிக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டால் முழுக் கண்ணாடியும் கற்கண்டு மாதிரி உதிரும்.

அதற்கென்றே தொங்கும் சிவப்புச் சுத்தியல் இருந்தால் நல்லது. ஸ்பானரும் ஜக் கம்பியும் போதும். முழங்கையாலும் கைபேசியாலும் ஆகாது. எதுவும் கிடைக்காவிட்டால் சீட்டில் மல்லாந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகாலாலும் மூலையை உதைக்க வேண்டும்.

கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி உடைந்தும் விழாது. பாய் மாதிரி தொங்கும், வெளியே தள்ள வேண்டும். சாரதிக்கு முன்னால் உள்ள பெரிய கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. அது சிலந்தி வலை மாதிரி கீறும், உடையாது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.
─────────────┘

முதலில் தலைக்கு மேலே பாருங்கள்

தீ ஆளைத் தொடுவதற்கு முன்னரே புகை தொட்டுவிடும். சீட்டுக்குள் இருக்கும் ஸ்பொஞ்சும் ரெக்சினும் எரிந்தால் கறுத்த, கனத்த புகை வரும். அதில் காபன் மொனொக்சைட்டும் சயனைட் வாயுவும் இருக்கும். சில மூச்சிலேயே தலை சுற்றி, கால் தளரும். "அவர் ஏன் எழும்பி ஓடவில்லை" என்று பிறகு கேட்பார்கள். ஓட நினைத்திருப்பார், கால் கேட்டிருக்காது.

சூடான புகை முதலில் கூரையில் தங்கி, அங்கிருந்து கீழே இறங்கும். அதனால் நின்றுகொண்டு போகிறவர்கள் முதலில் புகையைக் குடிப்பார்கள். தலையை சீட் முதுகின் மட்டத்துக்குத் தாழ்த்தினால் மூச்சு கிடைக்கும். வீட்டுத் தீயில் தவழ்ந்து போகச் சொல்வார்கள். நெரிசலான பஸ்ஸில் தவழ்ந்தால் மிதிபடுவோம். குனியலாம், மண்டியிடக் கூடாது. கழன்ற செருப்பை எடுக்கவும் குனியக் கூடாது. இரண்டு கையையும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைத்தால், எவ்வளவு நெரித்தாலும் நெஞ்சு விரிய நாலு விரல் இடம் மிஞ்சும்.

புகை இறங்கிவிட்டால் கண் உதவாது. கை உதவும். ஏறி உட்கார்ந்தவுடன் பின்கதவுக்கு எத்தனை சீட் என்று எண்ணி வைத்தவர், இருட்டில் சீட் முதுகுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகலாம். எண்ணாதவர் ஏறின கதவைத் தேடித்தான் போவார். எல்லா மனிதர்களும் அப்படித்தான், வந்த வழியே திரும்பப் பார்ப்பார்கள். ஆறு எட்டில் பின்கதவு இருக்க, முன்கதவுக்கு எதிர் நீச்சல் அடிப்பார்கள்.

பதற்றம் என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் தயக்கம். "வெறும் புகைதானே", "சாரதி சொல்லட்டும்", "பையை எடுத்துக்கொண்டு", "ஒரு வீடியோ". நாலு நிமிடத்தில் இரண்டு இப்படிப் போகும். இன்னும் மோசமானது, முன்னால் இருக்கும் தாய் பின்னால் நிற்கும் மகனைத் தேடி நெரிசலுக்கு எதிராகப் போவது. நம் பஸ்களில் குடும்பங்கள் ஒரே சீட்டில் வருவதில்லை, கிடைத்த இடத்தில் பிரிந்துதான் வருகின்றன. ஏறும்போதே பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: "ஏதும் நடந்தா என்னைத் தேடாத மகன், கிட்ட இருக்கிற பக்கமா இறங்கு, நான் வெளிய வந்து பிடிக்கிறேன்."

கத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. "ஐயோ நெருப்பு" என்றால் எல்லோரும் எழும்புவார்கள், எங்கே போவது என்று தெரியாது. "பின்கதவு திறந்திருக்கு, பின்னால வாங்க" என்றால் கால்களுக்கு வேலை கிடைக்கும். ஊவா பஸ்ஸில் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். "பஹின்ன, பஹின்ன" என்று அதையும் சேர்த்துக் கத்த வேண்டும்.

வசதியான பஸ், குறைந்த வழி

பழைய பஸ்ஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கதவு திறந்தபடியே ஓடுகிறது, யன்னல் தள்ளித் திறக்கிறது. யன்னல் காடியில் தூசி அடைத்து இறுகாமல் இருந்தால், ஒரு பக்கம் தள்ளிய இடைவெளியில் பெரியவர் ஒருவரே நுழையலாம். கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய இரவு பஸ்ஸில் ஒரே கதவு, அதுவும் காற்றழுத்தத்தில் இயங்குவது. கண்ணாடி எல்லாம் அசையாதவை. அதன் மேல் திரை.

2025 ஒக்டோபர் 24 அதிகாலை, ஐதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போன அப்படியொரு பஸ், ஆந்திராவின் கர்நூலுக்கு அருகே வீதியில் விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிளின் மேல் ஏறி அதை அடியில் இழுத்துக்கொண்டு போனது. பொறி பறந்து தீப்பிடித்தது. கதவு திறக்கவில்லை. கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்கள் பிழைத்தார்கள். பஸ்ஸில் 19 பேர் கருகினார்கள். அந்த நேரம் எல்லோரும் தூக்கத்தில்.

காற்றழுத்தக் கதவுக்கு மேலேயோ பக்கத்திலோ ஒரு சிறிய திருகுபிடி இருக்கும். அதைத் திருப்பினால் காற்று இறங்கி, கையால் தள்ளத் திறக்கும். சாரதிக்கும் உதவியாளருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக அது இருப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஏறும்போது கேட்டு வைப்பதில் தவறில்லை.

குதிப்பதும் ஒரு வேலை

யன்னல் விளிம்பு தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை இருக்கும். தலையை நீட்டிக் குதித்தால் கழுத்து போகும். முதலில் வெளியே பார்க்க வேண்டும், வீதியா பள்ளமா என்று. பிறகு துணியையோ பையையோ விளிம்பில் போட்டு, வயிற்றால் சாய்ந்து, முகம் பஸ்ஸைப் பார்க்கக் காலை வெளியே விட்டு, கையால் தொங்கி விட்டுவிட வேண்டும். தொங்கினால் கால் ஏறத்தாழ தரையைத் தொடும். பலமான ஒருவர் முதலில் இறங்கினால் பிள்ளைகளைக் கால் முதலாகக் கீழே வாங்கலாம்.

இறங்கியபின் நிற்கும் இடம் மலையில் தனிக் கணக்கு. டீசல் சரிவில் கீழே ஓடும், தீயும் அதன் பின்னால் ஓடும். எனவே பஸ்ஸுக்கு மேற்பக்கம், குறைந்தது முப்பது எட்டுத் தள்ளி. எரிகிற டயர் வெடித்தால் பக்கவாட்டில்தான் சிதறும், அந்த நேரில் நிற்கக் கூடாது. 110க்கு அழைத்தாலும் தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வளைவு வளைவாக ஏறி வர வேண்டும். அந்த நாலு நிமிடத்துக்கு அது வராது.

┌─────────────
தீக்காயம் பட்டால்

ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். தோட்டத்தில் பீலித் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், அரைஞாண் வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி 1990க்கு அழையுங்கள்.

மூக்கு மயிர் கருகியிருந்தால், எச்சிலில் கரி இருந்தால், குரல் கரகரத்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் உடனே பதுளைப் பெரியாஸ்பத்திரி. உள்ளே தொண்டை வீங்கி மூச்சை அடைக்க சில மணி நேரம் ஆகலாம்.
─────────────┘

சுரங்கத்துக்குள் ரயில்

1924இல் பதுளையைத் தொட்ட மலைநாட்டு ரயில் பாதையில் 40க்கு மேற்பட்ட சுரங்கங்கள். ரயிலில் ஒரு வசதி, பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போகலாம். தீயைக் கண்டால் குதிப்பதற்கு முன் அடுத்த பெட்டிக்குப் போய், நடுக்கதவைச் சாத்தி, கார்ட்டுக்கு அறிவிப்பதுதான் முதல் வேலை. ஓடும் ரயிலில் குதிப்பவர் விழுவது தெமோதரைப் பக்கத்தில் பாலமாகவும் இருக்கலாம், ஹப்புத்தளைப் பக்கத்தில் விளிம்பாகவும் இருக்கலாம். சுரங்கங்கள் பெரும்பாலும் குட்டையானவை, ரயில் ஓடி வெளியே வந்து நிற்பதே மேல்.

உள்ளேயே நின்றுவிட்டால்? 2000 நவம்பர் 11 அன்று ஒஸ்திரியாவின் கப்ரூனில், மலைச் சுரங்கத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த கேபிள் ரயிலின் கீழ்ப்பக்க ஓட்டுநர் அறையில் ஒரு மின்சூடாக்கியிலிருந்து தீ எழுந்தது. கண்ணாடியை உடைத்து வெளியே வந்தவர்களில் பெரும்பாலானோர் தீயிலிருந்து விலகி மேலே ஓடினார்கள். சுரங்கம் அடுப்புப் புகைபோக்கியாகி, புகை அவர்களை முந்தியது. 155 பேர் இறந்தார்கள். ரயிலில் இருந்தவர்களில் பிழைத்தது 12 பேர். தீயணைப்பு அனுபவம் இருந்த ஒரு பயணியின் பேச்சைக் கேட்டு, எரியும் பகுதியைத் தாண்டிக் கீழே இறங்கியவர்கள் அவர்கள்.

நம் பாதையின் சரிவு அவ்வளவு செங்குத்தில்லை. ஆனாலும் புகைக்குக் குணம் ஒன்றுதான். பட்டிப்பொலவில் உச்சி தொட்ட பாதை அங்கிருந்து ஊவாப் பக்கம் இறங்கிக்கொண்டே வருகிறது. எந்தப் பெட்டியில் இருந்தாலும், பட்டிப்பொலவுக்கு இந்தப் பக்கம் பதுளை இருக்கும் திசைதான் பொதுவாகக் கீழ்.

பஸ் நிலையத்துக்குத் திரும்புகிறேன். அந்த அக்காவும் நானும் திரைக்கம்பியைப் பற்றிக் கொண்டக்டரிடம் சொன்னோம். அவர் சிரித்தார். "அண்ணே, கம்பிய எடுத்தா திரை எங்க தொங்கும்?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சாரதியின் பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து இரண்டு ஆணிகளையும் கழற்றினார். கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. சீட்டில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். துருவைக் கிழித்துக்கொண்டு கதவு ஒரு சாண் திறந்தது. வெளிச்சமும் எதிர்க்கடை ரோல்ஸ் வாசனையும் உள்ளே வந்தன. மிச்சத்துக்கு கிறீஸ் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "பசற, பசற, லுணுகல" என்று கூப்பிட்டபடி முன்கதவுக்குப் போனார்.